வினாகிரி நியமிப்பில் மெதயிற் செம்மஞ்சள் ஏன் 6 cm³ இலேயே மஞ்சளாகிவிடுகிறது?

"அண்ணா, நான் வெள்ளவத்தையில் இருந்து உயர்தரம் படிக்கிறேன். செய்முறையில் வினாகிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி, 25 cm³ எடுத்து, 0.1 mol dm⁻³ NaOH ஆல் நியமித்தோம். நான் மெதயிற் செம்மஞ்சள் போட்டேன். ஆரம்பத்திலிருந்தே நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி 6 cm³ அளவில் மஞ்சளாகிவிட்டது, எங்கே நிறுத்துவதென்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் பினோத்தலின் போட்டவர்களுக்கு 20 cm³ வந்தது. இரண்டுமே அமில மூலக் காட்டிகள்தானே? வளையியைப் பார்த்து எந்தக் காட்டி என்று எப்படி முடிவெடுப்பது?"

தம்பி, உங்கள் அளவியிலும் கரைசலிலும் பிழை இல்லை. மெதயிற் செம்மஞ்சளும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குடுவையில் எவ்வளவு அமிலம் மிஞ்சியிருக்கிறது என்பது எந்தக் காட்டிக்கும் தெரியாது. அதற்குத் தெரிவது அந்த நேரத்துக் கரைசலின் pH மட்டும்தான். மெதயிற் செம்மஞ்சள் pH 3.1 இல் சிவப்பிலிருந்து மாறத் தொடங்கி 4.4 இல் முழு மஞ்சளாகிவிடும். உங்கள் குடுவையில் pH 4.4 ஐத் தொட்டது 6 cm³ இல், அமிலம் முடிந்தது 20 cm³ இல். இந்த இரண்டும் ஏன் இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை எண்களோடு பார்த்துவிட்டால், காட்டிகளின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது.

பக்கத்து மேசையின் 20.00 cm³ ஐ எடுத்துக்கொள்வோம். 0.100 mol dm⁻³ NaOH இல் அது 2.00 மில்லிமோல். அப்படியானால் குடுவையில் இருந்த 25.00 cm³ ஐதான வினாகிரியின் செறிவு 0.080 mol dm⁻³. போத்தலில் இருந்த வினாகிரி அதன் பத்து மடங்கு, 0.80 mol dm⁻³, அதாவது 100 cm³ இல் ஏறத்தாழ 4.8 கிராம் அசற்றிக்கமிலம். கடை வினாகிரிக்கு இது நம்பக்கூடிய பெறுமானம். 6 cm³ ஐ வைத்துக் கணக்கிட்டால் 1.4 கிராம்தான் வரும். அவ்வளவு நீர்த்த வினாகிரியில் ஊறுகாய் நிற்காது.

இப்போது அதே குடுவைக்குள் pH எப்படி நகர்ந்தது என்று பார்ப்போம். அசற்றிக்கமிலத்தின் pKa 4.76. NaOH விழ விழ அமிலத்தின் ஒரு பகுதி அசற்றேற்று அயனாக மாறுகிறது, மற்றப் பகுதி அமிலமாகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கும் வரைக்கும் அது ஒரு தாங்கற் கரைசல். அங்கே pH ஐத் தீர்மானிப்பது இந்தச் சமன்பாடு:

pH = pKa + log([அசற்றேற்று]/[அமிலம்])

சேர்த்த NaOH இன் கனவளவிலிருந்தே இந்த விகிதத்தை எழுதிவிடலாம். 5 cm³ சேர்த்ததும் விகிதம் 5 இற்கு 15. 10 cm³ இல் சரிபாதி. அப்படியே போட்டுக்கொண்டு போனால் இப்படி வரும். 0 cm³ இலும், 20.00 cm³ இலிருந்து மேலும் மட்டும் இந்தச் சமன்பாடு பொருந்தாது, அந்தப் பெறுமானங்கள் வேறாகக் கணக்கிட்டவை:

0 cm³: pH 2.9
5 cm³: pH 4.28
10 cm³: pH 4.76
15 cm³: pH 5.24
19 cm³: pH 6.04
19.95 cm³: pH 7.36
20.00 cm³: pH 8.70
20.05 cm³: pH 10.05
21 cm³: pH 11.3

இந்த எண்களை வரைபுத்தாளில் குறித்து வளையியை ஒருதடவை கையால் வரைந்து பாருங்கள். 5 இலிருந்து 15 வரை 10 cm³ ஊற்றியும் pH ஒரு அலகுகூட ஏறவில்லை. ஆனால் 19.95 இலிருந்து 20.05 வரை, அதாவது அளவியிலிருந்து விழும் இரண்டே துளியில், 2.7 அலகு ஏறிவிடுகிறது. வளையி நிமிர்ந்து நிற்கும் இடம் அதுதான். அங்கே மிஞ்சிய அமிலம் மிகவும் குறைவாக இருப்பதால் ஒரு துளி NaOH அதன் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது, விகிதம் பல மடங்கு எகிறுகிறது. சமவலுப் புள்ளியைத் தாண்டியதும் அடுத்த துளியைத் தாங்க அமிலமே இல்லை. மேலதிக OH⁻ நேராகக் கரைசலில் தங்கிவிடுகிறது.

சமவலுப் புள்ளி 7 இல் இல்லாமல் 8.70 இல் இருப்பதையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் குடுவையில் இருப்பது 45 cm³ சோடியம் அசற்றேற்றுக் கரைசல், செறிவு 0.044 mol dm⁻³. அசற்றேற்று அயன் ஒரு மென்மூலம். நீரிலிருந்து கொஞ்சம் புரோத்தனை எடுத்து OH⁻ ஐ விட்டுவைக்கிறது. உங்களைப் போன்ற பல பிள்ளைகள் "நடுநிலையாக்கல் முடிந்தால் pH 7" என்று மனதில் வைத்துக்கொண்டுதான் காட்டியைத் தேடுகிறார்கள். வன்னமிலமும் வன்மூலமும் சந்திக்கும்போது மட்டும்தான் அது சரி. இந்தக் குடுவையில் pH 7 வருவது 19.89 cm³ இல்.

சரி, இனி ஒவ்வொரு காட்டியையும் இந்த வளையியின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு காட்டியின் வீச்சுக்கு இரண்டு முனைகள் உண்டு. அந்த இரண்டு pH உம் எந்தக் கனவளவில் வருகின்றன என்று, தாங்கற் பகுதிக்குள் மேலே சொன்ன சமன்பாட்டைத் திருப்பிப் போட்டாலே கிடைத்துவிடும். மிகத் தொடக்கத்தில் அமிலம் தானாகப் பிரிந்து தரும் H⁺ ஐயும், சமவலுப் புள்ளியைத் தாண்டியதும் மேலதிக OH⁻ ஐயும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெதயிற் செம்மஞ்சளுக்கு pH 3.1 வருவது ஏறத்தாழ 0.2 cm³ இல். நான்கைந்து துளியிலேயே அது மாறத் தொடங்கிவிடுகிறது. pH 4.4 வருவது 6.1 cm³ இல். ஆக, நிறமாற்றம் முழுவதும் கிட்டத்தட்ட 6 cm³ இற்குப் பரந்து கிடக்கிறது, அதாவது நூறு துளிக்கும் மேலே. எங்கே நிறுத்துவதென்று உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். உண்மையில் அங்கே நிறுத்துவதற்கு ஓர் இடமே இல்லை.

பினோத்தலினின் வீச்சு 8.3 இலிருந்து 10.0 வரை. pH 8.3 வருவது 19.995 cm³ இல், pH 10.0 வருவது 20.045 cm³ இல். முழு வீச்சும் ஒரே துளிக்குள் அடங்கிவிட்டது. ஒரு துளிக்கு முன் நிறமற்றது, ஒரு துளிக்குப் பின் இளஞ்சிவப்பு. அந்தத் துளியின் எந்தப் பகுதியில் நிறுத்தினாலும் பிழை 0.05 cm³ ஐத் தாண்டாது. அளவியை வாசிக்கும்போது வரும் பிழையே அவ்வளவு இருக்கும்.

இடைப்பட்ட ஒன்றையும் பாருங்கள், ஏனென்றால் பரீட்சையில் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். புரோமோதைமோல் நீலம் 6.0 இல் மஞ்சளிலிருந்து மாறத் தொடங்கி, பச்சையாகி, 7.6 இல் நீலமாகும். "7 இற்குப் பக்கத்தில் மாறுகிறது, ஆகவே நல்லது" என்று தோன்றும். இந்தக் குடுவையில் அது மாறத் தொடங்குவது 18.9 cm³ இல், முழு நீலமாவது 19.97 cm³ இல். கடைசி நீலத்துக்குக் காத்திருந்தால் பிழை மிகச் சிறிது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு cm³ முழுக்கப் பச்சையின் வெவ்வேறு சாயல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் 19.3 இல் நிறுத்துவார், இன்னொருவர் 19.8 இல் நிறுத்துவார். வீச்சின் ஒரு முனை நிமிர்ந்த பகுதிக்குள் இருந்தால் போதாது, முழு வீச்சும் உள்ளே இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே காட்டியைத் தெரிவதற்கு முழு வளையியையும் வரைய வேண்டியதில்லை. சமவலுப் புள்ளிக்கு ஒரு துளி முன்னால் pH என்ன, ஒரு துளி பின்னால் pH என்ன, இந்த இரண்டை மட்டும் கணக்கிடுங்கள். இங்கே அவை 7.36 உம் 10.05 உம். வீச்சு முழுவதும் இவற்றுக்கிடையில் விழும் காட்டியைத் தேடினால் பினோத்தலின்தான் கைக்கு வரும். தைமோல் நீலத்தின் மேல் வீச்சான 8.0 இலிருந்து 9.6 உம் பொருந்தும்.

அதே செறிவில் ஐதரோகுளோரிக்கமிலம் இருந்திருந்தால் கதை வேறு. 19.95 cm³ இல் மிஞ்சிய H⁺ 0.005 மில்லிமோல், அது 45 cm³ இல் பரந்திருக்கும், ஆகவே pH 3.95. துளிக்குப் பின் அதே 10.05. நிமிர்ந்த பகுதி 4 இலிருந்து 10 வரை நீண்டுவிட்டது. அதற்குள் புரோமோதைமோல் நீலமும் பினோத்தலினும் தாராளமாக அடங்கும். மெதயிற் செம்மஞ்சள் 19.65 cm³ அளவில் செம்மஞ்சள் சாயலைக் காட்டத் தொடங்கினாலும் முழு மஞ்சளாவது 19.98 இல், ஆகவே அதன் கடைசி மாற்றத்தை வைத்து நிறுத்தலாம். பாடசாலையில் HCl இற்கு எந்தக் காட்டியைப் போட்டாலும் ஒரே விடை வருவது இதனால்தான். அந்த அனுபவத்தை அப்படியே வினாகிரிக்குக் கொண்டுவந்ததில்தான் உங்களுக்குச் சிக்கல்.

குடுவையில் அமோனியாவும் அளவியில் HCl உம் என்றால் வளையி கீழ்நோக்கி இறங்கும், சமவலுப் புள்ளி இதே செறிவுகளில் 5.3 இற்குப் பக்கத்தில் விழும். அங்கே பினோத்தலின் முன்கூட்டியே நிறமிழந்து உங்களை ஏமாற்றும். 4.4 இலிருந்து 6.2 வரை மாறும் மெதயிற் சிவப்பு அச்சொட்டாகப் பொருந்தும். நம் நாட்டு இறப்பர் பாலில் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவை அமிலத்தால் நியமிக்கும்போதும் மெதயிற் சிவப்பைத்தான் பாவிக்கிறார்கள்.

காட்டிக்கு ஏன் ஒரு புள்ளிக்குப் பதிலாக வீச்சு இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை. காட்டியும் ஒரு மென்னமிலம்தான். அமில வடிவத்துக்கு ஒரு நிறம், புரோத்தனை இழந்த வடிவத்துக்கு வேறு நிறம். இரண்டும் கலந்திருக்கையில், ஒன்று மற்றதைப் போல் பத்து மடங்கு ஆகும்வரை நம் கண் கலப்பு நிறத்தைத்தான் பார்க்கும். பத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பத்து வரை போக ஏறத்தாழ இரண்டு pH அலகு வேண்டும். கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிப் பிடிப்பதில்லை என்பதால் அட்டவணையில் உள்ள வீச்சுகள் சரியாக இரண்டு அலகாக இராமல் கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருக்கின்றன.

பினோத்தலினில் இன்னொரு விசேடம் உண்டு. அதன் அமில வடிவத்துக்கு நிறமே இல்லை. ஆகவே இளஞ்சிவப்பு எப்போது கண்ணில் படும் என்பது எவ்வளவு காட்டி போட்டீர்கள் என்பதையும் பொறுத்தது. பத்துப் பன்னிரண்டு துளி விட்டால் வழமையைவிடக் குறைந்த pH இலேயே நிறம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று துளி போதும், ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கை.

இனி பினோத்தலினைத் தெரிந்தெடுத்ததற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை. அது மாறும் pH இல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் அமிலமாக வேலை செய்யும். கரைந்த காபனீரொட்சைட்டு OH⁻ ஐ எடுத்து இருகாபனேற்றாக மாறிவிடும். அதனால்தான் இளஞ்சிவப்பு வந்த குடுவையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நிறம் போயிருக்கும். அதைக் கண்டு இன்னொரு துளி விடாதீர்கள். குடுவையைச் சுழற்றி, மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவுப் புள்ளி. ஐதாக்கப் பாவிக்கும் வடித்த நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து எடுத்தால் நீருக்குள் இருந்த காபனீரொட்சைட்டும் போய்விடும்.

NaOH இலும் இதே தொல்லை. கொழும்பின் ஈரக் காற்றில் NaOH வில்லைகள் தராசுத் தட்டிலேயே நசிந்து ஈரமாகிவிடும், கூடவே காபனீரொட்சைட்டையும் உறிஞ்சிக் கொஞ்சம் காபனேற்றாகிவிடும். ஆகவே நிறுத்துக் கரைத்த செறிவை நம்ப முடியாது, நியமக் கரைசல் ஒன்றால் சரிபார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் HCl உம் மெதயிற் செம்மஞ்சளும் பாவித்தால் காபனேற்று முழுவதும் மூலமாகக் கணக்கில் வந்துவிடும், ஏனென்றால் pH 4 அளவில் அது இரண்டு புரோத்தனையும் வாங்கிவிட்டது. பினோத்தலின் மாறும் இடத்தில் அதே காபனேற்று ஒரு புரோத்தனைத்தான் வாங்கியிருக்கும். 100 OH⁻ இல் 2 காபனேற்றாகப் போயிருந்தால் முதல் முறையில் 100 என்றே கணக்கு வரும், இரண்டாம் முறையில் 99. வினாகிரிக்கு 20.00 இற்குப் பதிலாக 20.20 cm³ போகும், விடையும் ஒரு வீதம் கூடிவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, NaOH ஐச் சரிபார்க்கவும் அதே பினோத்தலினையே பாவிப்பது. ஒட்சாலிக்கமில நியமக் கரைசலை எடுத்தால் இரண்டு நியமிப்புகளும் ஒரே pH இல் முடியும், காபனேற்றின் பங்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

எந்தக் காட்டியும் உதவாத அமிலங்களும் உண்டு. இதே செறிவில் போரிக்கமிலத்தை எடுங்கள், அதன் pKa 9.24. கணக்குப் போட்டால் 19 cm³ இல் pH 10.5, 20 இல் 10.9, 21 இல் 11.4. நாற்பது துளி ஊற்றியும் ஒரு அலகு ஏறவில்லை. வளையியில் நிமிர்ந்த பகுதியே இல்லாதபோது எதன்மேல் வீச்சைப் பொருத்துவது? அங்கே மாற்ற வேண்டியது அமிலத்தையே. மனிற்றோலோ கிளிசரோலோ தாராளமாகச் சேர்த்தால் அது போரிக்கமிலத்தோடு பிணைந்து பல மடங்கு வலிய அமிலமொன்றைத் தரும், அப்புறம் பினோத்தலின் நன்றாக வேலை செய்யும். ஐதாக்கலுக்கும் இதே எச்சரிக்கை. வினாகிரியையும் NaOH ஐயும் இன்னும் நூறு மடங்கு ஐதாக்கினால் நிமிர்ந்த பகுதி மேலிருந்து குறுகிவிடும், ஒரு துளியில் பளிச்சென்று மாறிய பினோத்தலின்கூட இழுபடத் தொடங்கும். கள்ளு வினாகிரியின் மஞ்சளும் கலங்கலும் நிறத்தை மறைக்கிறதே என்று ஐதாக்குகிறோம். பத்து மடங்கு அதற்குப் போதும்.

காட்டி பொருந்துகிறதா என்று குடுவையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பொருந்திய காட்டி, துளி விழும் இடத்தில் நிறம் காட்டி, சுழற்றியதும் மறைந்து, கடைசியில் ஒரே துளியில் நிலைத்துவிடும். பொருந்தாத காட்டி cm³ கணக்கில் மெதுவாக நிறம் மாறிக்கொண்டே போகும், மூன்று நியமிப்பு செய்தாலும் வாசிப்புகள் ஒத்துவரா.

அடுத்த செய்முறையில் ஆசிரியர் அனுமதித்தால் இதை ஒரே குடுவையில் செய்து பாருங்கள். 25.00 cm³ ஐதான வினாகிரியில் முதலில் இரண்டு துளி மெதயிற் செம்மஞ்சள் விடுங்கள். வெள்ளை ஓட்டின் மேல் வைத்து, சிவப்பு முற்றாகப் போய் மஞ்சள் வந்த வாசிப்பைக் குறியுங்கள், 6 cm³ இற்குக் கிட்ட வரும். குடுவையைக் கழுவி ஊற்றாமல் அதற்குள்ளேயே மூன்று துளி பினோத்தலின் விட்டுத் தொடருங்கள். மேலும் ஏறத்தாழ 14 cm³ போகும்வரை மஞ்சள் அசையாமல் நிற்கும். அளவியின் வாசிப்பு 19 ஐத் தாண்டியதும் துளித் துளியாக விடுங்கள். 20 cm³ இல் ஒரே துளியில் மஞ்சள் சட்டென்று செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாகும். முதல் வாசிப்பை அசற்றிக்கமிலத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த இடத்தில் pH 4.4 என்று மட்டும் எழுதி, உங்கள் வளையியில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.